முத்து, சிட்டு, தேனு, மீமு: நாயகிக்கு எந்தப் பெயர்?

சுங்கை சிப்புட்டில் நண்பர்கள் சேர்ந்து சிறுவர்களுக்கான இணையச் சித்திரக்கதை ஒன்றை வரைந்து வருகிறோம். தோட்டத்து லயன் வீடுகளுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே சைக்கிளில் கடிதமும் பொட்டலமும் கொண்டுபோகும் ஒன்பது வயதுச் சிறுமிதான் நாயகி. அவள் பெயர்தான் தொடருக்கும் பெயர். முத்து, சிட்டு, தேனு, மீமு என்று நான்கு பெயர்கள் போட்டியில் நின்றன.

முத்துலட்சுமியைச் சுருக்கினால் முத்து. பாட்டிகளுக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் மலேசியப் பள்ளிப் பயிற்சிகளில் அலி, ஆ சோங், முத்து என்று மூவரும் சேர்ந்தே வருவார்கள். எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் பொருந்தும் பெயராக அது ஆகிவிட்டதால், இந்த ஒரு சிறுமியை அது தனியே காட்டாது. இதே சிக்கலை 2016இல் வந்த ‘எஜென் அலி’ என்ற மலேசியக் கார்ட்டூன் தொடர் எப்படித் தீர்த்தது என்று பாருங்கள். அலி சாதாரணப் பெயர்தான். முன்னால் நிற்கும், ஏஜென்ட் என்று பொருள்படும் ‘எஜென்’ என்ற வேலைப்பெயர் அவனைத் தனியாளாக்கிவிடுகிறது. ஆகவே முத்து வேண்டுமென்றால் அதற்கு ஒரு துணைச்சொல் கட்டாயம் வேண்டும்.

சிட்டுதான் எங்கள் ஓவியருக்கு மிகவும் பிடித்த பெயர். குட்டியாக, துறுதுறுவென்று இருக்கிறது. சிக்கல் எழுத்துக்கூட்டில். நம் பிள்ளைகளில் பலர் கைப்பேசியில் தமிழ்ப் பெயரைக்கூட ரோமன் எழுத்தில்தான் தேடுகிறார்கள். காதால் கேட்ட சிட்டுவை ஒருவர் Sittu என்பார், இன்னொருவர் Chittu என்பார், மலாய்ப் பாடத்தில் பழகிய கை Cittu என்று எழுதும். மூன்றும் தவறில்லை என்பதுதான் தொல்லை. தமிழ் எழுத்தில் தேடினாலோ, குருவிப் படங்களும் பழைய பாடல்களும் நம் கதைக்கு முன்னால் வந்து நிற்கும்.

தேனுவுக்கு எதிரி மலாய் வாசிப்பு. மலாய் எழுத்தில் e என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. Tenu என்று எழுதினால், மலாய்க்காரச் சிறுவன் முதல் உயிரை விழுங்கி ‘த்னு’ என்பதுபோல் படிக்கக்கூடும். Thenu என்று எழுதினால் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை வேறு விதமாகச் சொல்லும். தமிழர்களுக்குள் மட்டும் உலவும் கதை என்றால் இது பெரிய குறையில்லை. பக்கத்துக் கம்பத்துப் பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை.

மீமு எங்கள் கற்பனை. பிறப்புப் பத்திரத்தில் மீனாம்பிகை. பேசப் பழகும் தம்பியின் வாயில் மீமு. க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுபவை. மகரத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. இ, உ இரண்டையும் மலாய் எழுத்து தெளிவாகவே காட்டும். 2007இல் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ கார்ட்டூன் தொடரின் பெயர்களிலும் இந்த இரண்டு உயிர்கள்தான் வேலை செய்கின்றன. Mimu என்பதை Meemu என்று எழுதுபவர்களும் இருப்பார்கள், ஆனால் வேறுபாடு அந்த ஒன்றோடு நின்றுவிடும். 2011இல் வந்த ‘போபோய்பாய்’ கார்ட்டூன் தொடரைப் போலப் புதிதாகப் புனைந்த பெயருக்குத் தேடலில் கூட்டமும் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. மீமு என்று கேட்டவுடன் இது பூனையா, பொம்மையா, பெண்ணா என்று தெரியாது. அதனால் என் தேர்வு ‘தபால் மீமு’. வேலைப்பெயரை மலாய்ப் பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். மீமு அப்படியே இருக்கும். பின்னால் அவள் தபாலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதாகக் கதை திரும்பினால் தலைப்பு காலைக் கட்டும். அதை ஏற்றுக்கொண்டுதான் சொல்கிறேன்.

எந்தப் பெயரானாலும் ஒரு சோதனை செய்யுங்கள். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பெயரை வாயால் மட்டும் சொல்லுங்கள், எழுதிக் காட்டாதீர்கள். மறுநாள் அவர்களையே தமிழிலும் ரோமனிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டுகள் வந்தால் பெயரை மாற்றுவது நல்லது. பிறகு மலாய் பேசும் ஒருவரிடம் உரக்கப் படிக்கக் கொடுங்கள். பாபி என்பது மலாயில் பன்றி. மணி என்ற ஒலிக்கோ சிறுவர் தொடருக்கு ஆகாத பொருள் உண்டு. நமக்குப் பழகிய பெயர்கள் என்பதாலேயே இவை கண்ணில் படாமல் போகும்.

கடைசி வேலை மைஇப்போ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தின் பதிவேட்டில் தேடுவது. தனிப் பெயருக்குப் பதிப்புரிமை பாதுகாப்புத் தராது. அதற்கு வணிகச் சின்னப் பதிவுதான் வழி. பொழுதுபோக்குக்கு 41ஆம் வகுப்பு, அச்சுப் புத்தகத்துக்கு 16, பொம்மைக்கு 28. பதிவு 10 ஆண்டுகள் நீடிக்கும், பிறகு புதுப்பிக்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் கட்டணம் உண்டு என்பதால், நாங்கள் 41இலும் 16இலும் மட்டும் விண்ணப்பிக்கப்போகிறோம். பொம்மை செய்யும் நாள் வந்தால் 28ஐப் பார்த்துக்கொள்வோம்.