மறுபடி எழுதி வந்த பம்பு கையேடுகளை எளிய ஆங்கிலமாக்குதல்: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

கோவையில் போர்வெல் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆங்கிலக் கையேடுகளைத் தயாரிப்பது என் வேலை. எங்கள் பம்புகள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றன. அங்கே கையேட்டைப் பிரித்துப் படிக்கும் மெக்கானிக்குகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பழைய கையேடுகளை வெளியே கொடுத்து, ஒரு தொகுதி ஒரு தொகுதியாக மறுபடி எழுதி வாங்குகிறோம்; அப்படி வந்த தொகுதியின் சொற்களை எளிமைப்படுத்துவது என் பொறுப்பு. இதற்குச் சில ஆண்டுகளாக ASD-STE100 என்ற எளிய தொழில்நுட்ப ஆங்கில நெறிமுறையைப் பயன்படுத்தி வருகிறேன். அது எங்கே கைகொடுத்தது, எங்கே கொடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பாவில் உருவான நெறிமுறை இது. முதல் பதிப்பு 1986-இல் வந்தது; இப்போதைய பெயர் 2005-இல் அமைந்தது; ஒன்பதாம் பதிப்பு 2025-இன் தொடக்கத்தில் வெளியானது. கேட்டு விண்ணப்பித்தால் இலவசமாகவே அனுப்பி வைக்கிறார்கள். ஒரு பகுதி எழுத்து விதிகள், மறு பகுதி ஏறத்தாழ 900 அனுமதிக்கப்பட்ட சொற்கள் கொண்ட அகராதி. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரு செயலை மட்டுமே சொல்ல வேண்டும், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் எனக்கு அன்றாடம் பயன்படுபவை.

மறுபடி எழுதி வரும் தொகுதிகளில் நான் காணும் முதன்மையான சிக்கல், அவை தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவருக்கு எளிமையாக இருப்பதுதான். எழுதித் தருபவர்கள் வாசிப்பு எளிமை மதிப்பெண்ணையும் சேர்த்து அனுப்புவார்கள். பரவலாகப் புழங்கும் ஃப்ளெஷ் சூத்திரம் வாக்கியத்தின் நீளத்தையும் சொற்களின் அசை எண்ணிக்கையையும் மட்டுமே பார்க்கிறது. சொல்லின் பொருளைப் பார்ப்பதில்லை. ஆகவே ‘வெரிஃபை’ என்ற மூன்றசைச் சொல்லை எடுத்துவிட்டு ‘ஃபைண்ட் அவுட்’ என்று போட்டால் மதிப்பெண் கூடுகிறது. ஆனால் மொசாம்பிக்கில் போர்ச்சுகீசியம் படித்து வளர்ந்த மெக்கானிக்குக்குத் தன் மொழியிலும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கும் ‘வெரிஃபை’தான் தெரிந்த சொல். இரண்டு மூன்று சிறு சொற்கள் சேர்ந்து புதிய பொருள் தரும் வினைகள்தான் அவரைத் தடுமாற வைக்கின்றன.

ஓர் இடத்தை முழுமையாகவே காட்டுகிறேன். எங்கள் மோட்டார்கள் உள்ளே தண்ணீர் நிரப்பப்படும் வகையைச் சேர்ந்தவை. கிணற்றில் இறக்குவதற்கு முன் காற்று தங்காதபடி நிரப்பாவிட்டால் பேரிங் தேயும், வைண்டிங் சூடேறும். பழைய கையேட்டில், மோட்டாரை இறக்குமுன் அது சுத்தமான நீரால் ‘ஷுட் பி டாப்டு அப்’ என்றும், காற்றுப்பை எதுவும் எஞ்சாததை உறுதி செய்தபடி என்றும் ஒரே நீண்ட வாக்கியம் இருந்தது. மறுபடி எழுதியவர் அதைச் சுருக்கி, ‘டாப் தி மோட்டார் அப்’ என்றும், சிக்கிய காற்றை ‘கெட் ரிட் ஆஃப்’ செய்யுங்கள் என்றும் எழுதியிருந்தார். மதிப்பெண் நன்றாகவே உயர்ந்திருந்தது. ஆனால் ‘டாப் அப்’ என்றால் செல்போனுக்குக் காசு ஏற்றுவது என்றுதான் பல நாடுகளில் அறிவார்கள். அந்தப் பொருளை விட்டுவிட்டாலும், ஏற்கெனவே பாதி நிறைந்திருப்பதை நிறைப்பது என்ற பொருள் வருமே தவிர, காலி மோட்டாரை முதலிலிருந்து நிரப்பச் சொல்வதாக வராது.

நெறிமுறையின்படி இதை ஒரு செயலுக்கு ஒரு வாக்கியமாக உடைத்தேன். நிரப்பும் பிளக்கைக் கழற்றவும், சுத்தமான தண்ணீரால் மோட்டாரை நிரப்பவும், காற்று வெளியேறும் வரை காத்திருக்கவும், மீண்டும் நிரப்பவும், பிளக்கை மாட்டி இறுக்கவும். உடைத்த பிறகுதான் மூன்றாவது வரியில் ஒரு தகவலே இல்லை என்பது வெளிப்பட்டது: காற்று வெளியேறிவிட்டது என்பதை ஒருவர் எப்படி அறிவார்? அசெம்பிளியில் நெடுநாள் இருக்கும் மேஸ்திரியிடம் கேட்டேன். “பிளக்கு ஓட்டைல குமிழி வர்றது நிக்கோணுங்க. நிக்கலீன்னா மோட்டாரை நட்டமா வெச்சு லேசா ஆட்டோணும், அப்பறம் மறுக்காத் தண்ணி ஊத்தோணும்” என்றார். அந்த நிலைநிறுத்துதலும் ஆட்டுதலும் இரண்டு கையேடுகளிலும் இல்லை. நீண்ட வாக்கியங்கள் இப்படிப்பட்ட ஓட்டைகளை மூடி மறைத்துவிடும். உடைக்கும்போது அவை தாமாக மேலே வருகின்றன. இந்த நெறிமுறையிலிருந்து நான் பெற்ற பெரிய பயன் இதுதான், விதி நூலில் இது ஒரு விதியாக எங்கும் சொல்லப்படவில்லை என்றாலும்.

தொகுதியாக வேலை செய்யும்போது சொற்களைத் தேடிப் பிடிக்க ஒரே கட்டளையை எல்லாக் கோப்புகளின் மீதும் ஓட்டுகிறேன்:

```
grep -nEi "top up|get rid of|shut off|carry out|the same" *.txt
```

கடைசியில் உள்ளது நம் ஊர் ஆங்கிலம். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து ‘தி சேம்’ மாட்டவும் என்று எழுதுவது நமக்கு இயல்பு. வெளிநாட்டு வாசகருக்கு ‘அதே’ எது என்று விளங்காது. இந்தத் தேடலுக்கும் எல்லை உண்டு. வினையின் நடுவே ‘மோட்டார்’ என்ற சொல் நுழைந்துவிட்டால் ‘டாப் அப்’ சிக்காது. ஆகவே அச்சிட்டு ஒருமுறை படித்தே தீர வேண்டும். தேடுவதோடு நிற்க வேண்டும், மொத்தமாக மாற்றக் கூடாது என்பதும் முக்கியம். ‘செக்’ என்ற வினையை நெறிமுறை ஏற்பதில்லை என்பதால் அதை எங்கும் ‘மேக் ஷூர்’ என்று மாற்றிய ஒரு தொகுதி என் மேசைக்கு வந்தது. அதில் ‘செக் வால்வ்’ என்ற பாகம் ‘மேக் ஷூர் வால்வ்’ ஆகியிருந்தது. சிரித்துவிட்டுத்தான் திருத்தினேன்.

பாகங்களின் பெயரைப் பொறுத்தவரை எளிமை என்பது சின்னச் சொல்லைப் போடுவது அல்ல. இம்பெல்லர், கிளாண்டு, காலம் பைப் ஆகியவற்றை மெக்கானிக் அறிவார். பாகப் பட்டியலிலும் அவையே இருக்கும். நெறிமுறையும் இவற்றைத் தொழில்நுட்பப் பெயர்களாக அனுமதிக்கிறது. கெடுவது வேறோர் இடத்தில்: ஒரே குழாயை ஒரு பக்கத்தில் காலம் பைப் என்றும், அடுத்த பக்கத்தில் ரைசர் என்றும், படத்தின் கீழே டெலிவரி பைப் என்றும் எழுதுவார்கள். சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று பள்ளியில் கற்றுக்கொடுத்ததன் விளைவு இது. இரண்டாம் மொழியில் படிப்பவர் மூன்று குழாய்களைத் தேடுவார். ஆகவே தொகுதி வந்தவுடன் முதலில் பெயர்ப் பட்டியலை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே வாக்கியங்களைத் தொடுகிறேன்.

எல்லா விதிகளையும் நான் ஏற்கவில்லை. ‘ஃபாலோ’ என்பதற்குப் பின்னால் வருதல் என்ற ஒரே பொருளைத்தான் நெறிமுறை அனுமதிக்கிறது. வழிமுறைகளை ‘ஒபே’ செய்யவும் என்று எழுதச் சொல்கிறது. விமானத் தளத்தில் அது பொருந்தலாம். காசு கொடுத்துப் பம்பு வாங்கியவரிடம் ‘கீழ்ப்படி’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘ஃபாலோ’வை அப்படியே விட்டுவிடுகிறேன், அதனால் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

திருத்திய பக்கங்களை, எங்கள் ஆலையில் வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்களில் ஓரளவு ஆங்கிலம் படிப்பவர் ஒருவரிடம் கொடுத்து, விளக்கம் சொல்லாமல் அவர் கையைக் கவனிப்பது வழக்கம். புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். காகிதத்தைப் பார்த்துக் கை எங்கே நிற்கிறது, எந்த வரிக்கு அவர் திரும்பிப் போகிறார் என்பதே எனக்குச் சான்று. பெரும்பாலும் தடுப்பது அருஞ்சொல்லாக இருப்பதில்லை. ‘ஒன்ஸ்’, ‘சின்ஸ்’, ‘ஆஸ்’ போன்ற இணைப்புகளே. மோட்டார் ஆறிய ‘பிறகு’ என்பதற்கு ‘ஒன்ஸ்’ போட்டிருந்தால் ‘ஒருமுறை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது ‘ஆஃப்டர்’, ‘பிகாஸ்’ என்று மட்டுமே எழுதுகிறேன்.

இதற்கான விலை இடம். உடைத்து எழுதினால் பக்கம் கூடுகிறது, அச்சுச் செலவும் கூடுகிறது; மோட்டாரின் மீது ஒட்டும் எச்சரிக்கை லேபிளில் ஐந்து வரிகள் அடங்காததால், அங்கே படத்தை நம்ப வேண்டியிருக்கிறது. உத்தரவாதப் பக்கங்களை மட்டும் நான் தொடுவதே இல்லை. அங்குள்ள ‘ஷல்’ என்ற சொல் சட்டப் பொருள் கொண்டது. அதை எளிமையாக்க வேண்டுமானால் வழக்கறிஞர் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.