அப்டேட்டுக்குப் பிறகு விக்கிப்பீடியாவும் தடை: இரண்டு வருடம் பயன்படுத்திய பேரண்டல் கன்ட்ரோல் ஆப்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் ஆண்ட்ராய்டு போனில் இந்த ஆப்பைப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. பெரிய தொல்லை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் போனுக்குப் பெரிய சிஸ்டம் அப்டேட் வந்தது. மறுநாள் சாயங்காலம், "அப்பா, செல் பிரிவு பத்தித் தேடினா எல்லாமே பிளாக்னு வருது" என்று போனை நீட்டினாள். ta.wikipedia.org கூடத் திறக்கவில்லை.

அந்த முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்த்தேன். பக்கம் வந்தது, படங்கள் வரவில்லை. விக்கிப்பீடியாவின் படங்கள் upload.wikimedia.org என்ற வேறு முகவரியிலிருந்து வருகின்றன. அதையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு தளத்துக்கே இப்படி என்றால், பட்டியல் எங்கே போய் முடியும்? இரண்டு நாளில் அலுத்துவிட்டது.

துப்பு கிடைத்தது என் போனில் இருந்த அறிக்கையில். தடைபட்ட தளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: 'வகைப்படுத்தப்படாதது'. ஆபாசம், சூதாட்டம் என்று எதுவும் இல்லை. இந்த மாதிரி ஆப்களுக்கு https பக்கத்தின் உள்ளடக்கம் பொதுவாகத் தெரியாது, தளத்தின் பெயர்தான் தெரியும். அந்தப் பெயரைத் தன் சர்வரிடம் கேட்டு, எந்த வகை என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கும். பதில் வராவிட்டால் 'வகைப்படுத்தப்படாதது'. அந்த வகையைத் தடுக்கச் சொல்லி வைத்திருந்தது நான்தான்!

பதில் ஏன் வரவில்லை? மகள்தான் கவனித்துச் சொன்னாள்: ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு உடனே தேடினால் தளங்கள் வருகின்றன, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தடை. சரி, பின்னணியில் ஆப்பை யாரோ அமுக்குகிறார்கள் என்று புரிந்தது. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதியைப் பார்த்தால், நான் Unrestricted என்று வைத்திருந்தது Restricted ஆகியிருந்தது. திருப்பி மாற்றினேன், பின்னணி டேட்டாவையும் அனுமதித்தேன், போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தேன். அன்றிரவு அவள் இதுவரை போகாத ஐந்தாறு தளங்களை, அரை மணி நேரம் இடைவெளி விட்டுத் திறந்து பார்த்தோம். எல்லாம் வந்தன.

'வகைப்படுத்தப்படாதது' என்பதை அனுமதித்துவிட்டாலும் வேலை முடிந்திருக்கும். ஆனால் நேற்று முளைத்த மோசமான தளமும் அதே வழியில் உள்ளே வரும் என்பதால் அதைத் தொடவில்லை.

என் ஆத்திரம் ஒன்றுதான். சர்வரிடமிருந்து பதில் வராததையும் தளம் மோசமானது என்பதையும் ஒரே சிவப்புப் பக்கத்தில் காட்டுகிறது இந்த ஆப். "என்ன பார்த்தே?" என்று முதல் நாள் அவளைக் கேட்டுவிட்டேன்.