பறைக்கு மைக் வேண்டுமா? தெருமேடையில் மூன்று வழிகள்

"அடி பிரமாதம், பாட்டுதான் ஒரு வரிகூட விளங்கல." தெருமேடை நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டத்தில் இப்படி ஒரு குரல் வராமல் இருக்காது. நிகழ்ச்சி நடுவிலேயே யாராவது இதைச் சொன்னால் மைக்செட்காரர் மிக்சரில் பாட்டின் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றுவார். பாட்டோடு சேர்ந்து பறையும் ஏறும். இன்னும் ஏற்றினால் மைக் கத்தும். பாடகரின் மைக்குக்குள் பறை ஏற்கெனவே புகுந்துவிட்டதுதான் காரணம். அதற்கப்புறம் மிக்சரில் யாராலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

கணக்குப் போட வசதியாக ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். 6 பறை, 1 உறுமி, முன்பாடகர் ஒருவர், பின்பாட்டுக்கு இருவர். 20 அடி அகலத் தெரு, 3 அடி உயர மேடை, 300 பேர் கூட்டம். கடைசி ஆள் மேடையிலிருந்து 80 அடி தள்ளி நிற்கிறார். கையில் இருப்பது இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ், பாடகர் தன் குரலைக் கேட்க ஒரு மானிட்டர், 12 சேனல் மிக்சர். இந்த அளவில் மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன: ஒவ்வொரு கருவிக்கும் தனி மைக், குழுவுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு மைக், பறைக்கு மைக்கே வைக்காமல் பாட்டுக்கும் உறுமிக்கும் மட்டும் வைப்பது.

ஆளுக்கொரு மைக்

ஒலிப்பதிவுக்கு இது நல்ல வழி, தெருவுக்கு மிக மோசமான வழி. பறை ஓரிடத்தில் நிற்கும் கருவி இல்லை. ஆட்டக்காரர் குனிந்து, சுழன்று, குதித்து அடிக்கிறார். அதனால் ஸ்டாண்டில் மைக் வைத்துப் பயனில்லை. சட்டத்தில் கிளிப் மாட்டி வயர்லெஸ் பெட்டியை இடுப்பில் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் மரச்சட்டம் வழியாக நேரே மைக்குக்குப் போய் 'டொம் டொம்' என்று கேட்கும். தோலைக் காய்ச்சும்போதெல்லாம் மைக்கைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்; அவசரத்தில் மாட்டும்போது கிளிப் நகர்ந்து அளவு மாறிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை. 6 பறை, உறுமியின் இரு தலை, 3 பாட்டு என்று 11 மைக் ஆகிறது. எல்லாம் ஒரே அளவில் திறந்திருந்தால், மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் கத்தல் வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் 3 டெசிபெல் போய்விடும். மூன்றாவது வழிக்கு வேண்டிய 4 மைக்கோடு ஒப்பிட்டால் 11 மைக்கில் 4 டெசிபெலுக்கு மேல் நஷ்டம். பாடகரின் குரலும் பக்கத்துப் பறைகளின் மைக்குகளில் சற்றுத் தாமதமாக விழும். அதனால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பாட்டுச் சேனலைத் தனியாகக் கேட்டால் தெளிவாகவும், எல்லாச் சேனலையும் திறந்ததும் குரல் மெலிந்தும் இருந்தால் இதுதான் நடக்கிறது.

பொதுவாக ஒன்றிரண்டு மைக்

குழுவுக்கு முன்னால் 4 அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில், பறை முகத்தைப் பார்த்து இரண்டு மைக். ஒவ்வொரு மைக்கும் தனக்குப் பக்கத்துப் பறையிலிருந்து எவ்வளவு தூரமோ, அதைப்போல மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குக்கும் நடுவே இருக்க வேண்டும். அதாவது 12 அடி. நெருக்கி வைத்தால் ஒரே அடி இரண்டு மைக்கிலும் முன்பின்னாக விழுந்து அடியின் கூர்மை மழுங்கும். கண்டென்சர் மைக்கில் மெல்லிய குச்சியின் ஓசை அழகாக வரும். ஆனால் தெருக்காற்றில் நல்ல பஞ்சுறை இல்லாவிட்டால் 'புஸ்புஸ்' என்று அடித்துக்கொள்ளும். சாதாரண டைனமிக் மைக் போதும்.

மேடைத் தரையில் தட்டையாக ஒட்டும் மைக்கைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பறையாட்டத்தில் அதை வைத்தால் சலங்கையும் பலகை மிதியும்தான் முதலில் கேட்கும்.

இந்த வழியின் குறை, அது எந்தத் தேவையைத் தீர்க்கிறது என்பதில் இருக்கிறது. 80 அடிக்குள் ஆறு பறைக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. கூட்டம் 150 அடியைத் தாண்டிப் போகும்போதுதான் பின்வரிசைக்குப் பறை மெலியும். அப்போது இந்த மைக்குகள் வேண்டும், அதுவும் கொஞ்சமாக.

பாட்டுக்கும் உறுமிக்கும் மட்டும்

நம் கணக்கிலுள்ள குழுவுக்கு இதுதான் சரி. பறையின் நேரடி ஓசையை மிக்சர் ஏற்றலாம், குறைக்க முடியாது. முன்வரிசை கேட்பது தோலிலிருந்து நேரே வரும் சத்தத்தை. அதற்கு ஃபேடர் கிடையாது. ஆகவே அந்தச் சத்தத்தை அடிமட்டமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே குரலைத் தூக்குவதுதான் வேலை.

உறுமிக்கு மட்டும் ஏன் மைக்? வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் பறை அடியோடு ஒப்பிட்டால் மெல்லியது. இரண்டாம் வரிசையிலேயே காணாமல் போகும். தேய்க்கும் தலைக்கு அரை அடி தள்ளி, தேய்ப்புக் குச்சி போய்வரும் பாதைக்கு வெளியே, சற்றுச் சாய்வாக ஒரு டைனமிக் மைக் வைக்கவும். அடிக்கும் தலைக்கு மைக் வேண்டாம், அது தானே கேட்கும். உறுமிக்காரர் ஆடாமல் ஓரிடத்தில் நிற்க ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் நகர்ந்துகொண்டே இருந்தால் வயர்லெஸ் கிளிப் போடும் செலவை இந்த ஒரு கருவிக்குச் செய்யலாம். உறுமலின் கனம் ஆண் குரலின் கீழ்ப்பகுதியோடு மோதும். பாடல் வரி மங்கினால் உறுமிச் சேனலில் 250 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள்.

யார் எங்கே நிற்பது

மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் பாதி வெற்றி இங்கேதான். வழக்கமாகப் பாடகர் முன்னால், பறைக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால். பாடகர் கூட்டத்தைப் பார்க்கிறார். மைக்கின் வாய் பாடகரைப் பார்க்கிறது. அதாவது மைக் நேராகப் பின்னாலிருக்கும் பறைகளைப் பார்க்கிறது. பறை முகங்களும் மைக்கைப் பார்க்கின்றன. இதைவிட மோசமான அமைப்பை யோசித்துக்கூடச் செய்ய முடியாது!

இதைத் திருப்பிப் போடுங்கள். பாடகர்கள் மேடையில், பறைக்காரர்கள் மேடைக்கு முன்னால் தரையில், மும்மூன்று பேராக இரு பக்கமும் சாய்வாக. ஒருபக்க மைக்கான கார்டியாய்டு தன் நேர்பின்னால் வரும் சத்தத்தை மிகக் குறைவாக எடுக்கும். சூப்பர் கார்டியாய்டு அந்த நேர்பின்னுக்கு இரு பக்கமும் சுமார் 55 பாகை விலகிய திசைகளில் மிகக் குறைவாக எடுக்கும். பறைக்காரர்கள் இப்படி முன்பக்கச் சாய்வில் நின்றால் சூப்பர் கார்டியாய்டுக்குப் பொருந்தும். மானிட்டரையும் அதே சாய்வில் வையுங்கள். தன் நேர்பின்னால் கொஞ்சம் சத்தம் எடுக்கும் குணம் இந்த மைக்குக்கு உண்டு. ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டும் பாடகர் மைக்குக்கு முன்னால், பறைக்காரர்களின் தலைக்கு மேல் போகும் உயரத்தில் இருக்கட்டும்.

பறைக்குப் பின்பக்கம் திறந்திருப்பதால் சத்தம் முன்னும் பின்னும் போகும். சட்டத்தின் விளிம்பு காட்டும் திசையில் அடியின் கனம் குறையும். முன்பாடகருக்கு மிக அருகில் நிற்கும் பறைக்காரர் விளிம்பு அவரைப் பார்க்கும்படி திரும்பி நின்றால் அதுவும் ஆதாயம்.

தூரத்தின் பலனை எண்ணில் சொன்னால்: பறை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குப் போனால் மைக்கில் அதன் சத்தம் 12 டெசிபெல் குறையும். பாடகர் மைக்கை 12 செ.மீ.யிலிருந்து 3 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபெல் கூடும். இரண்டும் சேர்ந்து 24. இருபுறமும் சுவர் உள்ள தெருவில் எதிரொலி இதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மிச்சமே கூட எந்த ஈக்வலைசரும் தராத அளவு. மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாடகர் இந்த ஆதாயத்தைக் கெடுத்துவிடுவார்: பொத்தினால் ஒருபக்க மைக் எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காகிவிடும், கத்தவும் செய்யும். ஆடிக்கொண்டே பாடுபவர்கள் கேட்டு வாங்கும் கன்னத்து மைக்கும் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேட்கும் வகைதான். பறை நடுவில் அது வேண்டாம்.

சரிபார்க்கும் வரிசை

தோலைக் காய்ச்சிய பிறகே சோதனை. குளிர்ந்த தோலில் சரிபார்த்தால், காய்ச்சியதும் ஏறும் கூர்மை குரலின் மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். முதலில் பாட்டு மைக்கைக் கத்தும்வரை ஏற்றி, அங்கிருந்து 6 டெசிபெல் இறக்குங்கள். அதுதான் உச்ச வரம்பு. பாட்டுச் சேனலில் கனத்த அடியோசையை நீக்கும் கீழ்வெட்டு 120 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 150. பிறகு ஆறு பறையும் முழு வேகத்தில் அடிக்க, பாடகர் பாட, ஒருவர் 80 அடிக்குப் போய் வரிகளை எழுதிப் பார்க்கட்டும். தெரிந்த பாட்டைப் பாடினால் காது தானே நிரப்பிக்கொள்ளும். அவருக்குத் தெரியாத பாட்டாக இருக்கட்டும். விளங்கிய பிறகுதான் உறுமியைத் திறக்க வேண்டும்.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரசரைப் பாட்டில் அதிகம் போடாதீர்கள். பாடகர் மூச்சு வாங்கும்போதெல்லாம் பறை பொங்கி எழுந்தால் கம்ப்ரசர் கூடிவிட்டது என்று அர்த்தம். குரல் வந்ததும் வாத்தியச் சேனலைத் தானே தாழ்த்தும் வசதி டிஜிட்டல் மிக்சரில் உண்டு. மைக் வைத்த பறைக்கு 3 டெசிபெல் வரை உதவும். மைக் இல்லாத பறைக்கு அது ஒன்றும் செய்யாது.

அங்கே உதவுவது அடிமுறைதான். சரணத்துக்கு இருவர் மட்டும் அடித்து, இடையடிக்கு ஆறு பேரும் சேர்ந்தால், பாட்டு நேரத்தில் பறைச் சத்தம் ஏறக்குறைய 5 டெசிபெல் தாழும். பைசா செலவில்லை. குழுவின் மூத்த ஆட்டக்காரரிடம் ஒத்திகையிலேயே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. மேடையில் சைகை காட்டி நடக்காது.

இரண்டாவது வழிக்குப் போகும் முன் இன்னொரு கணக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கான அளவுக்கு மேல் 10 டெசிபெல் அல்லது 75 டெசிபெல், எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புத் தெருவில் பகல் அளவு 55 என்பதால் வரம்பு 65தான் வரும். மைக்கே இல்லாத பறை அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும். அப்படிப்பட்ட தெருவில் பறைக்கு மைக் வைப்பதைப் பற்றி மைக்செட்காரரோடு பேசுவதற்கு முன், அனுமதி கொடுக்கும் அதிகாரியிடம் பேசிவிடுங்கள்.