பிளெண்டரில் மினியேச்சர் தோற்றம்: 85 மி.மீ. லென்ஸும் 0.18 எஃப்-ஸ்டாப்பும்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றை பிளெண்டரில் நிஜ அளவிலேயே கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கொட்டகை, அடுக்கிய கிரேட்டுகள், முன்னால் 3.8 மீட்டர் நீளக் குட்டி யானை வண்டி. கேமராவில் `Depth of Field` ஐ இயக்கி, `F-Stop` ஐ ஏற்கெனவே இருக்கும் 2.8-லேயே விட்டால், முன்னிருந்து பின்வரை எல்லாமே கூர்மையாக விழும். மேசைமேல் வைத்த பொம்மை மண்டி மாதிரி துளியும் தெரியாது.

காரணம் லென்ஸ் துவாரத்தின் அளவு. ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவதே துவாரத்தின் விட்டம். 85 மி.மீ., எஃப் 2.8 என்றால் சுமார் 3 செ.மீ. துவாரம். 13 மீட்டர் அகலக் காட்சிக்கு அது ஊசித்துளைதான். ரயில் மாடல்காரர்கள் பயன்படுத்தும் 1:87 அளவில் இதே மண்டியைச் செய்தால் வண்டி 4.4 செ.மீ.தான் இருக்கும். அதை எஃப் 16-ல் படமெடுத்தால்கூட, துவாரம் பொருளுக்கு ஒப்பிடப் பெரியது. ஆகவே காட்சியைச் சுருக்க வேண்டியதில்லை, எஃப் எண்ணைச் சுருக்கினால் போதும்:

```
F-Stop = 16 / 87 = 0.18
```

நிஜ கேமராவில் இப்படி ஒரு எண்ணே கிடையாது என்று தயங்க வேண்டாம், பிளெண்டர் ஏற்றுக்கொள்ளும். நீண்ட பயன்பாட்டில் நம்பிக்கையாக நின்றது இந்த ஒரு வகுத்தல்தான். கண்ணளவில் மங்கலைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது ஒவ்வொரு காட்சிக்கும் வேறு வேறு அளவைச் சொல்லும்.

இனி லென்ஸ். சென்சார் அகலம் 36 மி.மீ., ஃபோகல் லெங்த் 85 மி.மீ. என்றால், 13 மீட்டர் அகலம் சட்டகத்துக்குள் வர கேமரா ஏறக்குறைய 31 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 1:87-ல் அது 35 செ.மீ. மேசையருகே குனிந்து பார்ப்பவரின் தூரம் அதுதான். கேமராவை 30 டிகிரி அளவுக்கு மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்தால் அந்தப் பார்வை முழுமையாகும். 28 மி.மீ. வைத்து அதே சட்டகத்தைப் பிடிக்க 10 மீட்டருக்கு நெருங்க வேண்டும். முன் கிரேட் பெருத்து, பார்ப்பவர் மண்டிக்குள்ளேயே நிற்பதுபோல் ஆகிவிடும். 200 மி.மீ.க்குப் போனால் தூரம் 72 மீட்டர், ஆழமெல்லாம் தட்டையாகி விளையாட்டு வரைபடம் போலிருக்கும். 70 முதல் 100 வரைதான் எங்கள் தேர்வு.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சட்டகத்தை மாற்றாமல், எஃப் எண்ணையும் மாற்றாமல் லென்ஸை மட்டும் மாற்றினால், கூர்மையாக நிற்கும் பகுதியின் ஆழம் பெரிதாக மாறாது. 1920 பிக்சல் அகலப் படத்தில், இரண்டு பிக்சல் மங்கலைக் கூர்மை என்று எடுத்துக்கொண்டால், 0.18-ல் மூன்று லென்ஸுக்கும் அது சுமார் 2 மீட்டர்தான். மாறுவது தூரப் பின்னணியின் மங்கல். வண்டிக்கு 20 மீட்டர் பின்னால் நிற்கும் மாமரம் 28-ல் 15 பிக்சல் கலங்கும், 85-ல் 27 பிக்சல்.

ஆசைப்பட்டு எண்ணை 0.03-க்கு இறக்கினால் கூர்மைப் பகுதி 30 செ.மீ.தான் மிஞ்சும். முகப்பு விளக்கு மட்டும் தெளிவாக, வண்டியின் மீதி கரைந்துவிடும். அதற்குப் பிறகு பார்ப்பவர் கண்ணில் படுவது மங்கல்தான், மண்டி அல்ல.

ஃபோகஸை `Focus on Object` மூலம் வண்டிக்குக் கொடுத்தால் அதன் ஆரிஜின் புள்ளியைத்தான் கேமரா பிடிக்கும். அது வண்டிக்கு நடுவில் இருந்தால் முகப்பு கலங்கும். முகப்பு விளக்கருகே ஒரு `Empty` வைத்து அதைக் கொடுங்கள்.

கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைப் பின்னால் காட்ட நினைத்தால் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தாதீர்கள். தொலைவு கூடக்கூட மங்கல் ஏறி ஓர் அளவில் நின்றுவிடும். 85-ல் அது 68 பிக்சலைத் தொடும், மலையின் வடிவமே குழைந்துபோகும். பொம்மைக் காட்சி செய்பவர் பின்னால் அட்டையில் வரைந்துதானே நிறுத்துவார்? அதேபோல் மலையை ஒரு தட்டையான பலகையில் ஒட்டி வண்டிக்கு 20 மீட்டர் பின்னால் வையுங்கள்.

ரெண்டருக்குப் பின் படத்தின் மேலும் கீழும் மங்கல் பூசும் குறுக்குவழி, நிமிர்ந்த பொருள்களில் மாட்டிக்கொள்ளும். வண்டியருகே ஒரு விளக்குக் கம்பம் இருந்தால் அடி கூர்மையாகவும் உச்சி கலங்கியும் வரும், ஆனால் இரண்டும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவை. கேமராவிலேயே மங்கலைச் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. பதிலுக்கு சைக்கிள்ஸில் கலங்கிய பகுதிகள் புள்ளிபுள்ளியாக வரும், கொட்டகை பல்புகள் இருந்தால் இன்னும் மோசம். அங்கே டீநாய்ஸரை மட்டும் நம்பினால் திட்டுத்திட்டாகத் தேங்கும், எனவே சாம்பிள் எண்ணிக்கையை ஏற்றிவிட்டே அதைப் போடுங்கள்.