`sum` திருந்திய பிறகும் நான் `fsum`-ஐ விடாத கதை

பைத்தான் 3.12-இல் தசமப் புள்ளி எண்களை இன்னும் துல்லியமாகக் கூட்டும்படி `sum` திருத்தப்பட்டுவிட்டதே, அதே வேலைக்கு இன்னும் ஏன் `math.fsum` என்று எழுதுகிறீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான்கு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் பதில் எளிதாக வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

நான் அதனிடம் போனதற்குக் காரணம் ஒரு பொய் எச்சரிக்கை. ஒரே அளவீடுகளை நேற்றும் இன்றும் கூட்டி, இரண்டு தொகைகளும் சமமா என்று `==` கொண்டு சோதிக்கும் நிரல் ஒன்றை வைத்திருந்தேன். ஓர் எண்கூட மாறாத நாளிலும் அது “தரவு மாறிவிட்டது” என்று கூவியது. இரண்டு நாள் தேடிய பின்பே புரிந்தது: தரவுத்தளத்திலிருந்து பதிவுகள் வந்த வரிசை மட்டும் மாறியிருந்தது. 3.11 வரையிலான பதிப்புகளில் இதை மூன்றே எண்களில் காணலாம்.

```python
from math import fsum
sum([0.1, 0.2, 0.3])    # 0.6000000000000001
sum([0.3, 0.2, 0.1])    # 0.6
fsum([0.1, 0.2, 0.3])   # 0.6
```

பழைய `sum` ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் விடையை 53 இரும இலக்கங்களுக்குள் முழுமையாக்கி, மிஞ்சியதைத் தூக்கி எறிந்துவிடும். முதலில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் கிடைக்கும் 0.30000000000000004 என்பது, நினைவகத்தில் உள்ள அவ்விரு எண்களின் உண்மைத் தொகையைவிட ஏறத்தாழ 2.8e-17 கூடுதல். அந்தக் கூடுதலை அறியாமலேயே அது அடுத்த எண்ணைச் சேர்க்கிறது. எங்கே எவ்வளவு எறியப்படும் என்பது எண்கள் வரும் வரிசையைப் பொறுத்தது.

`fsum` அந்த மிச்சத்தை எறிவதில்லை. இரண்டு எண்களைக் கூட்டியதும், பெரியதை விடையிலிருந்து கழித்துப் பார்த்து, சிறியதில் எவ்வளவு உள்ளே போகவில்லை என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்து, அதைத் தனி எண்ணாகப் பட்டியலில் வைத்துக்கொள்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு எண்ணும் இந்தப் பட்டியல் முழுவதோடும் இவ்வாறே சேர்க்கப்படுகிறது. முழுமையாக்கல் கடைசியில் ஒரே ஒரு முறைதான் நிகழ்கிறது. ஆகவே எண்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் விடை மாறாது. என் பொய் எச்சரிக்கையும் அன்றோடு நின்றது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். `fsum` துல்லியமாகக் கூட்டுவது நாம் தட்டச்சு செய்த தசம எண்களை அன்று, அவற்றுக்குப் பதிலாக நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் இரும எண்களை. அதனால் `fsum([0.1, 0.2])` இன்றும் 0.30000000000000004 என்றே சொல்கிறது. மூன்று எண்களுக்குச் சரியாக வந்தது இரண்டுக்கு வரவில்லை. இதைக் குறை என்று சொல்வது நியாயமில்லை. அந்த இரு இரும எண்களின் உண்மைத் தொகை அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குச் சரிபாதியில் விழுகிறது, விதிப்படி அது மேலே போகிறது. நியாயம் தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. கணக்குப் பிசகாமல் காக்கும் என்று நம்பி, தசம எண்களை அப்படியே வைத்திருக்கும் `Decimal` எண்களை அதற்குள் அனுப்பினால், சத்தமில்லாமல் அதே இரும மிதவை எண்களாக மாற்றிவிடுகிறது என்பது இன்னும் மோசம்.

நண்பரின் கேள்விக்கு வருவோம். 3.12-இன் `sum` மிதவை எண்களுக்கு, எறியப்படும் மிச்சத்தை ஒரே ஓர் எண்ணில் சேர்த்து வைத்துக் கடைசியில் ஈடுசெய்கிறது. மேலே உள்ள மூன்று எண்களுக்கு அது போதும், 0.6 வந்துவிடும். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்கும் 53 இலக்கங்கள்தானே?

```python
a = [1.0, 1e50, 1e100, -1e100, -1e50]
sum(a)    # 0.0
fsum(a)   # 1.0
```

முதலில் 1.0 மிச்சமாக ஒதுக்கப்படுகிறது. பிறகு 1e50-உம் அதே இடத்தில் வந்து சேர்ந்து அதை விழுங்கிவிடுகிறது. `fsum` இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதால் 1.0 தப்புகிறது. இப்படிப்பட்ட பட்டியல் என் அளவீடுகளில் ஒருபோதும் வந்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

எனவே, பணக் கணக்கு என்றால் `Decimal` எண்களாக மாற்றிச் சாதாரண `sum`-ஐயே பயன்படுத்தச் சொன்னேன். புதிய பதிப்பில் அன்றாட வேலைக்கு `fsum` தேவைப்படாது என்றும் சொன்னேன். ஆனால் இரண்டு தொகைகளை `==` கொண்டு ஒப்பிடும் என் பழைய நிரல் இப்போது 3.12-இல்தான் ஓடுகிறது, அதில் `fsum` அப்படியே இருக்கிறது.