லாட்டரிப் பரிசும் ஆன்லைன் கேமும்: வரி எந்தத் தொகைக்கு?

இரண்டுக்கும் 30 சதவீதம்தான், அதன்மேல் 4 சதவீத செஸ். வித்தியாசம், எந்தத் தொகைக்கு என்பதில். 2025-26 நிதியாண்டுக் கணக்கைப் பாருங்கள்.

ஒருவர் ஆண்டு முழுக்க 40,000 ரூபாய்க்கு லாட்டரிச் சீட்டு வாங்குகிறார். ஒரே பரிசாக 55,000 விழுகிறது. சீட்டுச் செலவைக் கழிக்க முடியாது. முழு 55,000க்கும் வரி. டிடிஎஸ் 16,500, செஸ்ஸோடு 17,160. கையில் உண்மையில் மிஞ்சியது 15,000 மட்டுமே, ஆக வரி லாபத்தையே விழுங்கிவிடுகிறது!

அதே 40,000ஐ கேம் கணக்கில் போட்டு 55,000 எடுத்தால், தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பு இல்லாதபோது, நிகர வெற்றி 15,000. டிடிஎஸ் 4,500, செஸ்ஸோடு 4,680. (2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் கேம்களைத் தடை செய்துவிட்டது, அதற்கு முன் ஜெயித்த பணத்துக்கு வரி உண்டு.)

பலர் தவறுவது ஒன்றில்: ஒரே பரிசு 10,000ஐத் தாண்டாவிட்டால் லாட்டரியில் டிடிஎஸ் பிடிக்கமாட்டார்கள். ஆனால் வரி உண்டு. மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தாலும் இதற்கு அது உதவாது. ஐடிஆர்-1 படிவமும் செல்லாது.