முன்பாத வலிக்குக் கணுக்கால் எம்.ஆர்.ஐ.: காசு கட்டுமுன் இதைப் பாருங்கள்

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவுக்கு நடந்தது இது. வலது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாம் விரலுக்குச் சற்றுப் பின்னால் வலி. விழவில்லை, கால் பிரளவும் இல்லை. கொழுந்து கூடிய நாட்களில் சுமையோடு மலை ஏறி இறங்கியதில் மெல்ல மெல்லத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே அரசாங்க வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு தெரியவில்லை, வலி இருந்தால் இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். அது சரியான பேச்சு.

அதற்குள் டவுனில் ஒரு தனியார் நிலையத்தில், "எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் முடிவு" என்று சொல்லியிருக்கிறார்கள். வளையலை அடகு வைத்து எடுத்தார்கள். படம் தெளிவாக விழப் போடும் மருந்து ஊசிக்கும் தனியாகக் காசு. ரிப்போர்ட்டில் எல்லாம் சாதாரணம். அதை நம்பி அக்கா மறுபடி மலைக்குப் போனார். ஒரு மாதம் கழித்து, வீக்கம் கூடிய பிறகு எடுத்த சாதாரண எக்ஸ்ரேயில் இரண்டாம் விரலுக்குப் போகும் பாத எலும்பின் கழுத்தில் முறிவும், அதைச் சுற்றிப் புது எலும்பு திரண்டிருப்பதும் பளிச்சென்று தெரிந்தது.

எம்.ஆர்.ஐ. ஏன் தவறவிட்டது? மெஷினில் கோளாறு இல்லை. துண்டில் எழுதியிருந்தது "கணுக்கால்". கணுக்கால் எம்.ஆர்.ஐ. பொதுவாகக் குதியிலிருந்து நடுப்பாதம் வரைக்கும்தான் பிடிக்கும். விரல்களுக்குப் போகும் நீள எலும்புகளின் அடிப்பகுதியோடு படம் நின்றுவிடும். வலித்த இடம் படத்துக்குள்ளேயே வரவில்லை. நோயாளியை ஒரு விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லியிருந்தால் "முன்பாதம்" என்று எழுதியிருப்பார்கள். இதைக் கேட்காமல் காசு வாங்குவது பெரிய அநியாயம்.

மருந்து ஊசியும் வீண். திரும்பத் திரும்பச் சுமை விழுந்து எலும்பில் மெல்ல உண்டாகும் களைப்பு முறிவைக் காட்டுவது எலும்புக்குள் ஊறிய நீர். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் படங்களில் அது ஊசியில்லாமலே வெள்ளையாகத் தெரியும். கட்டி, கிருமித் தொற்று போன்ற சந்தேகம் இருந்தால்தான் ஊசியைப் பற்றிப் பேச வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

இப்படி மெல்லத் தொடங்கிய பாத வலிக்கு முதலில் எக்ஸ்ரேதான். ஆனால் களைப்பு முறிவு முதல் இரண்டு மூன்று வாரம் அதில் தெரியாமல் போகலாம். எலும்பு ஆறத் தொடங்கி, மேலே புது எலும்பு படிந்த பிறகே தெரியும். ஆகவே முதல் படம் சுத்தமாக இருந்தாலும், ஓரிடத்தில் அழுத்தினால் சுரீரென்று வலித்தால் சுமையை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி எடுப்பதே முறை. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. அவ்வளவு நாள் பொறுக்க முடியாதென்றாலோ, இரண்டாம் படத்திலும் தெளிவில்லாமல் வலி நீடித்தாலோ எம்.ஆர்.ஐ. நியாயம். நடுப்பாதத்து எலும்பில் சந்தேகம் என்றாலும் காத்திருக்கக் கூடாது. அங்கே முறிவு லேசில் ஒட்டாது.

அல்ட்ராசவுண்டுக்கு வேறு வேலை. குதிக்கு மேலே இருக்கும் தடித்த நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்ததா, உள்ளங்கால் சவ்வு தடித்ததா என்பதை அது நன்றாகக் காட்டும். உள்ளங்கால் சவ்வு குதியில் 4 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் அழற்சி என்று எடுப்பார்கள். பாதத்தை ஆட்டிக்கொண்டே பார்க்கலாம் என்பது மற்ற இரண்டிலும் இல்லாத வசதி. ஆனால் எலும்பின் மேல்தோலைத் தாண்டி உள்ளே அதனால் பார்க்க முடியாது. கணுக்கால் மூட்டுக்குள் குருத்தெலும்பு உடைந்ததென்ற சந்தேகத்துக்கும் அது போதாது. அங்கேதான் கணுக்கால் எம்.ஆர்.ஐ.க்கு உண்மையான வேலை.

கால் பிரண்டு வந்தால் கதை வேறு. பிரண்டவுடனும், வைத்தியசாலையிலும் நாலு எட்டு வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முட்டியின் பின்விளிம்பிலோ, பாதத்தின் வெளிப்பக்கம் சின்ன விரல் எலும்பின் அடியிலோ, உட்பக்கம் நடுப்பாதத்திலோ எலும்பைத் தொட்டால் வலிக்கிறதென்றால் அன்றைக்கே எக்ஸ்ரே. உள்ளங்கால் நடுவில் நீலம் பாய்ந்திருந்தால், முடிந்தால் நின்றபடி பாரம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். படுத்தபடி எடுத்தால் நடுப்பாத எலும்புகள் விலகியிருப்பது மறைந்துவிடலாம்.

பெண்கள் மெட்டியைக் கழற்றிவிட்டுப் போங்கள். எக்ஸ்ரேயில் அது விரல் எலும்பை மறைக்கும், எம்.ஆர்.ஐ.யில் அதைச் சுற்றி ஒரு கறுப்புக் குழி விழுந்து, முன்பாதப் படமே கெடலாம். விரல் வீங்கிக் கழற்ற முடியாவிட்டால் முதல் நாளே மெட்டியை வெட்டி எடுத்துவிடுங்கள்.

எடுத்து முடித்ததும் ரிப்போர்ட் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், சிடியையும் கேளுங்கள். அதில் முதலாவதாக வரும் படத்தில் பாதத்தின் மேல் கோடுகள் போட்டிருக்கும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினார்கள் என்று அந்தக் கோடுகள் சொல்லும். அக்காவின் சிடியில் கடைசிக் கோடு வலித்த இடத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அதைக் காட்டித்தான் குடும்பத்தார் இப்போது காசைத் திருப்பிக் கேட்கிறார்கள்.